ஒரு மைல் நீச்சல்: கடைசி நானூறு மீட்டரின் கணக்கு

நீச்சல் குளத்தில் நூறு மீட்டரை முழு வேகத்தில் 1 நிமிடம் 48 விநாடியில் கடக்கும் ஒருவரிடம், “ஒரு மைல் நீந்த எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டால், பெரும்பாலும் மனக்கணக்காகவே பதில் சொல்லிவிடுவார். ஒரு மைல் என்பது சுமார் 1609 மீட்டர். 1:48-ஐப் பதினாறால் பெருக்கி, மிச்சத்தையும் சேர்த்தால் 29 நிமிடம் வரும். ஆனால் அவரே குளத்தில் இறங்கி நீந்தி முடிக்கும்போது கடிகாரம் 34 நிமிடத்தைத் தாண்டியிருக்கும். பெருக்கலில் பிழை எதுவும் இல்லை. பெருக்குவதற்கு எடுத்துக்கொண்ட எண் தவறு. கடைசிக் கட்டத்தில் வரும் களைப்பும் கணக்கில் சேரவில்லை. இந்த இரண்டையும் சரிசெய்தால், ஒரு சாதாரண நீச்சல்காரர்கூடத் தன் மைல் நேரத்தை ஒரு நிமிட இடைவெளிக்குள் முன்கூட்டியே சொல்ல முடியும்.

எந்த மைல்?

நீச்சல்காரர்கள் ‘மைல்’ என்று சொல்லும்போது ஒரே தூரத்தைச் சொல்வதில்லை. ஒலிம்பிக்கில் நடக்கும் 1500 மீட்டர் போட்டியைப் பலர் மைல் என்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் 1650 கெஜத்தை மைல் என்பார்கள். அது ஏறக்குறைய 1509 மீட்டர்தான். உண்மையான மைல் 1609.34 மீட்டர். 50 மீட்டர் குளத்தில் அதற்கு 32 லெங்த் முழுதாக நீந்தி, மேலும் 9 மீட்டர் சொச்சம் போக வேண்டும். 25 மீட்டர் குளமென்றால் 64 லெங்த்தும் அதே 9 மீட்டரும். 1500-க்கும் உண்மையான மைலுக்கும் நடுவே நம் நீச்சல்காரருக்கு இரண்டேகால் நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வரும். ஆகவே எந்தத் தூரத்துக்குக் கணக்குப் போடுகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். இங்கே 50 மீட்டர் குளத்தில், ஃப்ரீஸ்டைலில், முழு மைலுக்கு.

எந்த நூறு மீட்டர்?

முழு மூச்சாக நீந்தும் ஒற்றை நூறு மீட்டரில் உடல் கையிருப்பில் உள்ள சக்தியை அள்ளிச் செலவிடுகிறது. ஆக்சிஜன் போதாத நிலையிலும் தசைகள் சிறிது நேரம் வேலை செய்யும். அந்தக் கையிருப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் கரைந்துவிடும். மைலுக்கு வேண்டியது வேறொரு வேகம்: மூச்சில் உள்ளே வருகிற ஆக்சிஜனைக் கொண்டே அரை மணி நேரம் போல ஓட்டக்கூடிய வேகம்.

அதைக் கண்டுபிடிக்க நீச்சல் பயிற்சியாளர்கள் ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறார்கள். 400 மீட்டரை முடிந்த அளவு வேகமாக நீந்தி நேரம் குறிக்க வேண்டும். மூச்சு முழுவதும் தணிந்து உடல் இளைப்பாறிய பிறகு, 200 மீட்டரை அதேபோல் நீந்த வேண்டும். முதல் நேரத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து, விடையைப் பாதியாக்கினால், நீடித்து நீந்தக்கூடிய நூறு மீட்டர் நேரம் கிடைக்கும். 400-இல் இருந்து 200-ஐக் கழிக்கும்போது, இரண்டிலும் பொதுவாக இருந்த அந்தக் கையிருப்புச் சக்தியின் பங்கு கழிந்துபோகிறது; நிலையான வேகம் மட்டும் எஞ்சுகிறது.

நம் நீச்சல்காரர் 400 மீட்டரை 8 நிமிடத்திலும், 200 மீட்டரை 3:50-இலும் முடித்தார் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 250 விநாடி. அதில் பாதி 125 விநாடி, அதாவது 2:05. அவருடைய ஒற்றை நூறு மீட்டரைவிட இது 17 விநாடி மெதுவானது. களைப்பே இல்லாமல் மைல் முழுவதையும் இந்த 2:05-இல் ஓட்டினால் 33 நிமிடம் 32 விநாடி ஆகும். இப்போதே 29 நிமிடக் கனவு நாலரை நிமிடம் நகர்ந்துவிட்டது.

இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 200 மீட்டரைச் சோம்பலாக நீந்தினால் அதன் நேரம் கூடிவிடும். கழித்தால் வரும் எண் குறைந்து, நிலையான வேகம் உண்மைக்கு மேலாகத் தெரியும். எனவே போதிய ஓய்வெடுத்துவிட்டு இரண்டாவது நீச்சலையும் முழு மனதோடு நீந்த வேண்டும்.

களைப்பை எண்ணாக்குவது

நிலையான வேகம் என்று கிடைத்த 2:05-உம் அரை மணி நேரத்தைத் தொடும்போது தளரத் தொடங்கும். அந்த வேகத்தின் இயல்பே அது. எங்கே தளர்கிறது, எவ்வளவு தளர்கிறது என்பதுதான் கேள்வி. இதைத் தெரிந்துகொள்ள, ஒரு நாள் 1000 மீட்டரை 2:05 வேகத்தில் நிறுத்தாமல் நீந்த வேண்டும். கரையில் நிற்கும் நண்பர் ஒருவர் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் நீச்சல்காரருக்கு முதல் எட்டு நூறுகளும் 2:05-ஐ ஒட்டியே வந்தன. ஒன்பதாவது 2:06, பத்தாவது 2:07.

இதிலிருந்து ஓர் எளிய அனுமானம் செய்யலாம்: 800 மீட்டருக்குப் பிறகு ஒவ்வொரு நூறும் முந்தைய நூறைவிட ஒரு விநாடி கூடுதலாக எடுக்கும். அப்படியானால் பதினாறாவது நூறு 2:13 ஆகும். கூடுதல் நேரம் 1, 2, 3 என்று வளர்ந்து 8 வரை போகிறது. இந்த எட்டையும் கூட்டினால் 36 விநாடி. இனி மொத்தக் கணக்கு: 2:05 வீதம் பதினாறு நூறுகளுக்கு 33 நிமிடம் 20 விநாடி. அதோடு களைப்பின் 36 விநாடி. கடைசி 9 மீட்டருக்கு 12 விநாடி. ஆக 34 நிமிடம் 8 விநாடி.

இதில் கவனித்துப் பார்க்க வேண்டியது, அந்த 36 விநாடி எங்கே போனது என்பது. 800-இல் இருந்து 1200 மீட்டர் வரையிலான நான்கு நூறுகளில் போனது 1, 2, 3, 4 சேர்ந்து 10 விநாடிதான். 1200-இல் இருந்து 1600 வரையிலான கடைசி நானூறில் போனது 26 விநாடி. 1200-ஆவது மீட்டரில் கடிகாரத்தைப் பார்த்து, ‘பத்து விநாடிதானே பிந்தியிருக்கிறேன்’ என்று நிம்மதி அடைகிறவர் கடைசியில் ஏன் அரை நிமிடத்துக்கு மேல் பிந்தி வருகிறார் என்பதற்கு விடை இந்தக் கூட்டலில் இருக்கிறது.

இரண்டே இரண்டு நூறுகளின் தளர்ச்சியை வைத்து மீதி ஆறு நூறுகளையும் கணிக்கிறோம் என்பதால், ஒரே விடையில் நிற்பது சரியல்ல. தளர்ச்சி நூறுக்கு அரை விநாடியாக இருந்தால் மைல் 33:50-இல் முடியும்; இரண்டு விநாடியாக இருந்தால் 34:45 ஆகும். இந்த இடைவெளியோடு சொல்வதுதான் நேர்மையான மதிப்பீடு.

விடை நம்பத்தக்கதா என்று ஒப்பிட ஓர் உயர்ந்த அளவுகோல் உண்டு. அமெரிக்காவின் கேட்டி லெடெக்கி 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டரை 3:56.46-இல் நீந்தினார்; 2018-இல் 1500 மீட்டரை 15:20.48-இல் முடித்தார். நூறு மீட்டர் சராசரி 59.1 விநாடியிலிருந்து 61.4 விநாடிக்குத்தான் ஏறியது. ஏறக்குறைய 4 சதவீதத் தளர்ச்சி. நம் நீச்சல்காரரின் 400 மீட்டர் சராசரி 2:00, கணித்த மைல் சராசரி 2:07; இது 6 சதவீதம். உலகின் தலைசிறந்த நெடுந்தூர நீச்சல் வீராங்கனையைவிடச் சாதாரண நீச்சல்காரர் சற்று அதிகம் தளர்வது இயல்புதான். உங்கள் கணக்கில் 2 சதவீதம் என்று வந்தால், எங்கோ ஆசை புகுந்திருக்கிறது என்று பொருள்.

தொடக்க வேகத்தின் விலை

தண்ணீரில் வேகம் கூடும்போது எதிர்ப்பு ஏறக்குறைய வேகத்தின் வர்க்கமாகக் கூடும். அதை வெல்லத் தேவையான ஆற்றல் வேகத்தின் கனமாகக் கூடும். 2:05-க்குப் பதிலாக 2:00-இல் நீந்துவது 4 சதவீத வேக உயர்வுதான். ஆனால் அதற்கு 13 சதவீதம் அதிக ஆற்றல் வேண்டும். முதல் நானூறு மீட்டரை உற்சாகத்தில் 2:00-இல் ஓட்டினால் 20 விநாடி மிச்சமாகும். ஆனால் தளர்ச்சி 800-க்குப் பதில் 500 மீட்டரிலேயே தொடங்கிவிட்டால், கூடுதல் நேரம் 1-இல் இருந்து 11 வரை வளரும். மொத்தம் 66 விநாடி. முன்பைவிட 30 விநாடி அதிகம். மிச்சம் பிடித்ததைவிட இழந்தது பத்து விநாடி கூடுதல். தளர்ச்சியின் வீதமும் சேர்ந்து ஏறினால் இழப்பு இன்னும் பெரிதாகும்.

களைப்பா, கவனக்குறைவா?

நேரம் கூடுவதெல்லாம் களைப்பல்ல. பக்கத்து லேனைப் பார்த்து மனம் அலைந்தாலும் ஒரு நூறு மெதுவாகிவிடும். பிரித்தறிய, ஒரு லெங்த்துக்கு எத்தனை முறை கை வீசுகிறோம் என்று எண்ண வேண்டும். தொடக்கத்தில் 48 வீச்சில் கடந்த 50 மீட்டருக்கு இப்போது 53 வீச்சு தேவைப்பட்டால் அது களைப்பு. தோளும் முன்கையும் சோர்ந்து முழங்கை தாழ்கிறது; கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்குகிறது; இடுப்பு இறங்கி எதிர்ப்பும் கூடுகிறது. வீச்சின் எண்ணிக்கை மாறாமல் நேரம் மட்டும் கூடி, அடுத்த நூறிலேயே பழைய வேகம் திரும்பிவிட்டால் அது கவனக்குறைவு. அந்த நூறைத் தளர்ச்சிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

லெங்த் எண்ணிக்கை தவறினால் எல்லாக் கணக்கும் வீண். ஒரு சுற்றை மறந்தால் நூறு மீட்டர், இரண்டு நிமிடத்துக்கு மேல் போய்விடும். களைப்பின் மொத்த விளைவைவிட அது மூன்று மடங்குக்கும் அதிகம். பெரிய போட்டிகளில் 800, 1500 மீட்டர் நீச்சலுக்கு இன்னும் எத்தனை லெங்த் மீதி என்று அட்டை காட்டுவதற்காகவே ஆட்கள் நிற்கிறார்கள். பயிற்சியிலும் கரையில் ஒருவர் குறித்துக்கொள்வது நல்லது.

குளத்தின் நீளத்தையும் மாற்றிப் பார்க்கக் கூடாது. 25 மீட்டர் குளத்தில் திரும்புதல்கள் இரட்டிப்பு. ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்து வேகம் பெறலாம். ஜெர்மனியின் ஃப்ளோரியன் வெல்ப்ரோக் 2021-இல் 25 மீட்டர் குளத்தில் 1500 மீட்டரை 14:06.88-இல் நீந்தினார். 50 மீட்டர் குளத்தில் அமெரிக்காவின் பாபி ஃபின்க் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் படைத்த உலக சாதனையே 14:30.67. ஆகவே சோதனையும் மைலும் ஒரே நீளக் குளத்தில் நடக்க வேண்டும்.

மைல் நீந்தும் நாளில் இரண்டு இடங்களில் கடிகாரத்தைப் பார்த்தால் போதும். 800 மீட்டரில் 16:40 இருக்க வேண்டும். 1200 மீட்டரில் 25:05 என்றால் 33:50-ஐ எதிர்பார்க்கலாம். 25:10 என்றால் 34:08. 25:20 என்றால் 34:45. முடிந்ததும் பதினாறு நூறுகளின் நேரத்தையும் வரிசையாக எழுதிப் பார்த்து, தளர்ச்சி உண்மையில் எந்த நூறில் தொடங்கியது, எவ்வளவு வீதத்தில் வளர்ந்தது என்று திருத்திக்கொள்ள வேண்டும். அடுத்த மைலுக்கு அனுமானம் தேவையில்லை. உங்கள் உடலே கொடுத்த எண்கள் கையில் இருக்கும்.