‘யாரிடமும் சொல்லக் கூடாது’

2024 ஆகஸ்ட் மாத இறுதியில் பஞ்சாபின் லூதியானாவில் ஒரு பெரியவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. இன்னும் சற்று நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும் என்றது முதல் குரல். அடுத்து வந்தவர் தன்னை மத்தியப் புலனாய்வு அதிகாரி என்று சொல்லிக்கொண்டார். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கிறது, அதற்கும் ஒரு பெரிய விமான நிறுவனத்தின் பணமோசடி வழக்குக்கும் தொடர்பு இருக்கிறது என்றார். பிறகு ஸ்கைப் வீடியோ. இரவும் பகலும் கேமரா அணையக் கூடாது, இது அரசாங்க ரகசியம், வெளியே மூச்சு விட்டால் சிறை என்று மிரட்டல். மறுநாள் உச்ச நீதிமன்ற விசாரணை என்று ஒன்றை நடத்தினார்கள். தலைமை நீதிபதி பேசுவதாகச் சொன்னார்கள். முகம் தெரியவில்லை, குரலும் சுத்தியல் ஓசையும் கேட்டன. முத்திரையிட்ட உத்தரவு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. அவர் 7 கோடி ரூபாயைச் சொன்ன கணக்குகளுக்கு அனுப்பினார்.

அவர் எஸ்.பி. ஓஸ்வால். அப்போது வயது 82. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர், பத்ம பூஷண் விருது பெற்றவர். ஏமாந்ததை அவரே வெளியே வந்து சொன்னதால்தான் நமக்கு இவ்வளவும் தெரியும். (இந்திய நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை. அது சினிமா நீதிமன்றத்தின் பழக்கம். மோசடிக்காரர்களும் நம்மைப் போலவே நீதிமன்றத்தைத் திரையில்தான் பார்த்திருக்கிறார்கள்.)

‘டிஜிட்டல் கைது’ என்று பெயர் வாங்கிவிட்ட இந்த மோசடியில் ஏமாறுகிறவர்களை ‘படித்தவர்களுக்கே புத்தி இல்லையே’ என்று பேசிக் கடந்துவிடுகிறோம். அது தவறான கணிப்பு. லாட்டரி மோசடி பேராசையைப் பிடித்து இழுக்கும். இது இழுப்பது சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கும் பழக்கத்தை. வரியை ஒழுங்காகக் கட்டியவர், போலீஸ் நிலையப் படி ஏறாதவர், ஓய்வூதியத்தில் கௌரவமாக வாழ்கிறவர் ஆகியோர்தான் இதில் எளிதாக விழுகிறார்கள். போலீஸோடு அடிக்கடி மல்லுக்கட்டியவனுக்கு உண்மையான கைது எப்படி இருக்கும் என்று தெரியும். அவனை இப்படி ஏமாற்ற முடியாது.

முதலில் வருவது அவசரம். இரண்டு மணி நேரத்தில் எண் முடங்கும், பத்து நிமிடத்தில் வாரண்ட் வரும் என்று நேரத்தைத் துண்டுதுண்டாக நறுக்குவார்கள். திடீர் அச்சத்தில் உடலில் சுரக்கும் வேதிப்பொருள்கள் நம்மை ஓடவும் எதிர்க்கவும் தயாராக்குகின்றன. அதே நேரத்தில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதியின் பிடி தளர்கிறது. இரண்டு செய்திகளை ஒப்பிட்டு, ‘இது பொருந்தவில்லையே’ என்று கண்டுபிடிப்பது அந்தப் பகுதியின் வேலை. ஸ்கைப்பில் எங்காவது உச்ச நீதிமன்றம் கைதியை விசாரிக்குமா என்ற கேள்வி சாதாரண நாளில் யாருக்கும் எழும். அந்தப் பத்து நிமிடத்தில் எழாது.

ஆனால் அவசரத்தால் மட்டும் இந்த மோசடி நடக்காது. பெரிய தொகை வேண்டுமென்றால் வைப்புநிதியை முறிக்க வேண்டும், அதற்கு வங்கிக் கிளை திறக்க வேண்டும். ஆகவே ஆளை இரவு முழுக்க, சில வேளைகளில் நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் அதிகாரம் தேவைப்படுகிறது.

அதிகாரத்தின் பிடி எவ்வளவு இறுகும் என்பதை 1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் சோதித்துப் பார்த்தார். அடுத்த அறையில் இருப்பவர் தவறான விடை சொன்னால் மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தவறுக்கும் 15 வோல்ட் கூட்ட வேண்டும் என்று சாதாரண மனிதர்களிடம் சொல்லப்பட்டது. அதிர்ச்சி பொய், அலறல் நடிப்பு. அது அவர்களுக்குத் தெரியாது. சாம்பல் நிறக் கோட்டு அணிந்த ஒருவர் பக்கத்தில் நின்று ‘தொடருங்கள்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். 1963-இல் வெளியான முடிவின்படி, 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். அந்த அதிர்ச்சி உண்மைதான் என்று எத்தனை பேர் நம்பினார்கள் என்ற சர்ச்சை பின்னாளில் எழுந்தது. சோதனையின் நெறிமுறையும் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. அந்த விமர்சனங்களை ஒதுக்க முடியாது.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது அந்த 26 பேரைத்தான். நமக்கு வேண்டியது அதே சோதனையை மில்கிராம் மாற்றி மாற்றிச் செய்த விதம். கோட்டுக்காரர் அறையைவிட்டு வெளியே போய்த் தொலைபேசியில் மட்டும் உத்தரவு கொடுத்தபோது, கடைசி வரை போனவர்கள் ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தார்கள். சிலர் சொன்னபடி செய்வதாக ஒப்புக்கொண்டு, குறைந்த வோல்ட்டையே அழுத்திக்கொண்டிருந்தார்கள். வெறும் குரலுக்கு முன்னால் மனிதன் நழுவிவிடுகிறான், ஒரு முகம் பார்த்துக்கொண்டிருந்தால் நழுவ முடியவில்லை. மோசடிக்காரர்கள் மில்கிராமைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் சாதாரண அழைப்பில் தொடங்கி, சீக்கிரமே வீடியோவுக்கு மாறச் சொல்வதும், காக்கிச் சட்டையோடு மேசைக்குப் பின்னால் உட்காருவதும், குளியலறைக்குப் போகக்கூட அனுமதி கேட்க வைப்பதும் இந்தக் காரணத்தால்தான் என்பது என் கணிப்பு. கோட்டுக்காரரை அவர்கள் மறுபடி அறைக்குள் கொண்டுவருகிறார்கள்.

இன்னொரு மாற்றம் இதைவிட முக்கியமானது. அதில் சோதனைக்கு வந்தவரோடு வேறு இருவரும் உட்கார்ந்தார்கள். ஏற்பாட்டின்படி அவர்கள் நடுவில் எழுந்து, ‘எங்களால் முடியாது’ என்று மறுத்துவிட்டார்கள். அதன் பிறகு 40 பேரில் கடைசி வரை போனவர்கள் 4 பேர்தான். கோட்டுக்காரர் மாறவில்லை, அவர் சொன்ன சொல்லும் மாறவில்லை. மறுத்துப் பேச அறைக்குள் ஆள் இருந்தது, அவ்வளவே.

ஆகவே இந்த மோசடியின் அச்சாணி மூன்றாவதாக வரும் ரகசியம்தான் என்பேன். அவசரமும் அதிகாரமும் அதற்குக் காவல். “மேடம், இது தேசப் பாதுகாப்பு விஷயம். உங்க பையன்கிட்ட சொன்னா அவர் பேரும் எஃப்ஐஆர்ல வந்துடும்” என்று ஒரு தாயிடம் சொன்னால் போதும். பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து அவரே வாயைக் கட்டிக்கொள்வார். வங்கியில் கேட்டால் வீடு வாங்குவதாகச் சொல்லுங்கள் என்று பாடமும் நடக்கும். ஓஸ்வால் விஷயத்திலும் பிடி தளர்ந்தது இந்த இடத்தில்தான். தம் நிறுவனத்து அலுவலர் ஒருவரிடம் அவர் விவரத்தைச் சொன்னார். கேட்டவருக்கு இது மோசடி என்பது சட்டென்று புரிந்துவிட்டது. அவர் ஓஸ்வாலைவிடப் பெரிய அறிவாளி என்பதால் அல்ல, இரண்டு நாள் கேமராவுக்கு முன்னால் உட்காராதவர் என்பதால். போலீஸ் விரைந்து செயல்பட்டதில் 5.25 கோடி ரூபாய் மீட்கப்பட்டது.

நம் சட்டம் கைதை எப்படி வரையறுக்கிறது என்று பார்த்தால் இந்த மோசடி அதற்கு நேர்த் தலைகீழ் என்பது விளங்கும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, கைது செய்யும் அதிகாரி பெயர் தெளிவாகத் தெரியும்படி நேரில் வர வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். வழக்கறிஞரைக் கலந்து பேசும் உரிமையையும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படும் உரிமையையும் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு தருகிறது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காவல் கொடுமைகளைத் தடுக்க டி.கே. பாசு வழக்கு போன்றவற்றில் போராடிப் பெற்ற பாதுகாப்புகளும் இவற்றில் உண்டு. இவற்றின் சாரம், பிடிக்கப்பட்டவனைத் தனியாக விடக் கூடாது என்பது. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று ஒரு போலீஸ்காரர் சொன்னால், அவர் போலி. உண்மையான போலீஸ்காரரே அப்படிச் சொன்னால் சட்டத்தை மீறுகிறவர் அவர்தான்.

அப்படியென்றால் அந்த நேரத்தில் என்ன செய்வது? அழைப்பில் இருந்தபடியே யோசிக்க முடியாது. ‘உங்கள் அடையாள அட்டையைக் காட்டுங்கள்’ என்று கேட்டால் காட்டுவார்கள், அசலைவிட அழகாக இருக்கும். கேள்வி கேட்டு மடக்க நினைப்பது அவர்களுடைய மேடையில் ஏறுவதுதான். இணைப்பைத் துண்டிப்பது ஒன்றே வழி. மன்னிப்புக் கேட்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு இன்னொரு அறையில் வைத்துவிடுங்கள். பிறகு அடுத்த வீட்டுக்காரரோ மருமகளோ கடைக்காரரோ, ஒருவரிடம் நடந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லச் சொல்லவே கதையின் ஓட்டைகள் உங்களுக்கே தெரியத் தொடங்கும். ஆதாரம் வேண்டுமென்றால் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு நேரில் போகலாம். அவர்கள் கொடுத்த எண்ணுக்குத் திரும்ப அழைத்துச் சரிபார்க்காதீர்கள்.

துண்டித்த பின் வேறு எண்களிலிருந்து அழைப்பு குவியும். வாரண்ட் படம் வரும், அரை மணியில் வேன் வரும் என்பார்கள். வேன் வராது. பேசுகிறவர் பெரும்பாலும் நம் ஊரில் இல்லை. மியான்மர், கம்போடியா, லாவோஸ் எல்லைகளில் இதற்கென்றே வளாகங்கள் இயங்குகின்றன. வேலை என்று நம்பிப் போய் அவற்றில் அடைபட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு.

துண்டிப்பது என்ற இந்த வழிக்கும் எல்லை உண்டு. முதல் கால்மணியில் துண்டிப்பது எளிது. ஒரு இரவு தூக்கமிழந்து, ஒரு தவணைப் பணமும் அனுப்பிய பின் துண்டிக்க அசாத்திய மனத்திடம் வேண்டும். அந்த நிலையில் இருப்பவருக்கு அறிவுரை எட்டாது, வெளியிலிருந்து ஒருவர் நிறுத்த வேண்டும். சிங்கப்பூர் இதை ஒப்புக்கொண்டு 2025-இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது. மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பியே தீருவேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், அவருடைய கணக்கை 30 நாள் வரை கட்டுப்படுத்தும்படி வங்கிக்குப் போலீஸ் உத்தரவிடலாம். தனிமனித உரிமையில் தலையீடு என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனாலும் வாழ்நாள் சேமிப்பை ஒரே மதியத்தில் முறிக்க வரும் எழுபது வயதுக்காரரிடம் நம் வங்கிகள் கட்டாயமாக ஒரு நாள் அவகாசம் கேட்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

பணம் போய்விட்டதென்றால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதிவு செய்யுங்கள். பணம் வாடகைக் கணக்குகள் வழியாகக் கைமாறிக்கொண்டே போகும். பல கணக்குகளுக்குச் சிதறி, கிரிப்டோவாக மாறி நாட்டைவிட்டுப் போவதற்கு முன்னால் புகார் எட்டினால் வங்கிகளால் அதை முடக்க முடியும். வெட்கப்பட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் அந்த வாய்ப்பு குறைகிறது.