ஜாமீன் கிடைத்தால் விடுதலையா?

தமிழில் "விடுதலை" என்ற சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு. ஜெயில் கதவு திறந்து ஒருவர் வெளியே வந்தால் அதுவும் விடுதலை. விசாரணை முடிந்து "இவர் குற்றவாளி அல்ல" என்று கோர்ட்டு தீர்ப்பு சொன்னால் அதுவும் விடுதலை!

இதனால் கோர்ட்டு நிருபருக்குத் தொல்லை. "ஜாமீனில் விடுதலை" என்று எழுதிக் கொடுப்பார். தலைப்பில் இடம் போதாது. "ஜாமீனில்" என்ற சொல் வெட்டப்படும். "விடுதலை" மட்டும் நிற்கும். டீக்கடையில் அதைப் படிப்பவர், "வழக்கு தீர்ந்தது" என்று எண்ணிக்கொள்வார். ஆனால் வழக்கு அப்படியே இருக்கும்.

ஜாமீன் என்பது என்ன? "வழக்கு நடக்கும்போது இவர் வெளியே இருக்கலாம். கூப்பிட்ட நாளில் கோர்ட்டுக்கு வரவேண்டும்" என்பதே அதன் பொருள். அவர் குற்றம் செய்தாரா, இல்லையா? அந்தக் கேள்விக்கு விடை சொல்வது பிறகு நடக்கும் விசாரணை.

செந்தில்பாலாஜி வழக்கு

இதற்கு நல்ல உதாரணம் செந்தில்பாலாஜி வழக்கு. போக்குவரத்துத் துறையில் வேலை தருவதாகப் பணம் பெறப்பட்டது என்பது புகார். அமலாக்கத்துறை அவரை 2023-ம் ஆண்டு ஜூன் 14-ந்தேதி கைது செய்தது. 2024 பிப்ரவரி 28-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு அவருக்கு ஜாமீன் மறுத்தது. "அப்படியானால் அவர் குற்றவாளிதான்" என்று எழுதலாமா? கூடாது. ஜாமீன் மறுப்பும் தீர்ப்பு அல்ல.

2024 செப்டம்பர் 26-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு ஜாமீன் கொடுத்தது. நீதிபதிகள் அபய் எஸ்.ஓகா, அகஸ்டின் ஜார்ஜ் மாசிஹ் ஆகியோர் சொன்ன காரணம் என்ன? நிருபர் கவனமாகப் படிக்கவேண்டிய இடம் இதுதான்.

"ஆதாரம் இல்லை" என்று அவர்கள் சொல்லவில்லை. "முதல் பார்வையில் வழக்கே இல்லை என்று இப்போது சொல்வது கடினம்" என்ற கருத்தைத்தான் எழுதினார்கள். பிறகு ஏன் ஜாமீன்? அவர் ஜெயிலுக்குப் போய் 15 மாதம் ஆகிவிட்டது. மூல வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் சுமார் 2,000 பேர்! சாட்சிகளும் நூற்றுக்கணக்கானவர்கள். விசாரணை எப்போது முடியும்? யாராலும் சொல்ல முடியாது. ஜாமீனுக்குக் கடுமையான சட்டம் ஒரு பக்கம், முடிவே தெரியாத விசாரணை இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து போக முடியாது என்றது கோர்ட்டு.

ஆகவே, "தாமதத்தால் ஜாமீன்" என்று எழுதினால் சரி. "குற்றச்சாட்டு பொய் என்று கோர்ட்டு ஏற்றது" என்று எழுதினால் தவறு.

யார் சொன்னது?

ஜாமீன் விசாரணையில் பேச்சு அதிகம். "என் கட்சிக்காரர் நிரபராதி" என்பார் வக்கீல். "வெளியே விட்டால் சாட்சிகளைக் கலைப்பார்" என்பார் அரசு வக்கீல். இரண்டும் வாதம்தான். ஒவ்வொரு வரியிலும் இன்னார் சொன்னது என்று பெயர் போடவேண்டும்.

நீதிபதி இடையே சுருக்கென்று ஒரு கேள்வி கேட்பார். அது தலைப்புக்கு ருசியாக இருக்கும். ஆனால் அது கேள்விதான், உத்தரவு அல்ல. சில நேரம் காலையில் கடுமையாகக் கேட்ட நீதிபதியே மாலையில் ஜாமீன் கொடுத்துவிடுவார்! உத்தரவு நகல் கைக்கு வந்த பிறகு எழுதுவதே பத்திரம்.

நகலில் நிபந்தனைகளும் இருக்கும். செய்தியில் அவற்றை விட்டுவிடக் கூடாது. செந்தில்பாலாஜி ரூ.25 லட்சத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதே தொகைக்கு இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். திங்கள், வெள்ளிதோறும் பகல் 11 மணி முதல் 12 மணிக்குள் சென்னை அமலாக்கத்துறை அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்றது 2024 உத்தரவு. பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். சாட்சிகளிடம் பேசக்கூடாது. நிரபராதி என்று தீர்ப்பு பெற்ற ஒருவரை வாரம் இரண்டு முறை யார் வரச்சொல்வார்கள்? இதைப் படிக்கும் வாசகருக்கு நிலைமை தானே விளங்கிவிடும்.

மூன்று நாளில், செப்டம்பர் 29-ந்தேதி, அவர் மீண்டும் அமைச்சர் ஆனார். விஷயம் திரும்பவும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2025 ஏப்ரலில் நீதிபதிகள், ஜாமீன் கொடுத்தது வழக்கின் தகுதியைப் பார்த்து அல்ல என்று நினைவூட்டினார்கள். பதவியா, ஜாமீனா என்று முடிவு செய்யச் சொன்னார்கள். ஏப்ரல் 27-ந்தேதி அவர் ராஜினாமா செய்தார்.

அந்த ராஜினாமாவும் குற்றத்தை ஒப்புக்கொண்டது ஆகாது. அன்றைய செய்தியிலும் அவர் "குற்றம் சாட்டப்பட்டவர்"தான்.