பார்க்கிங் வேறு, வசவு வேறு

அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்துவதில் தகராறு வந்தால், அது பேச்சில் தொடங்கி வசவில் முடிய ரொம்ப நேரம் ஆவதில்லை. திட்டு வாங்கியவர் அன்றிரவே உட்கார்ந்து அசோசியேஷனுக்கு ஒரு கடிதம் எழுதுவார். பெரும்பாலும் அந்தக் கடிதம் செக்ரட்டரியின் ஃபைலில் போய்ப் படுத்துக்கொள்ளும். "இது உங்கள் இரண்டு பேருக்கும் உள்ள பிரச்சினை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வரும். கமிட்டிக்காரர்கள் கல்நெஞ்சர்கள் என்பதல்ல காரணம். கடிதமே அவர்களுக்கு அப்படி ஒரு வழியைத் திறந்துவிட்டிருக்கும்.

சென்னையில் 24 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஸ்டில்ட் தளத்தில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். உள்ளே நிற்கும் வண்டி வெளியே வர, முன்னால் நிற்பவர் தன் வண்டியை எடுத்து வழிவிட வேண்டும். முதல் மாடியில் ஓர் ஆசிரியை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது முன்னால் நின்றது மூன்றாம் மாடிக்காரரின் கார். வாட்ச்மேனை மேலே அனுப்பினார். இறங்கி வந்தவர் முதலில் வாட்ச்மேனை "டா" போட்டுத் திட்டினார். பிறகு ஆசிரியையை ஒருமையில் பேச ஆரம்பித்து, அவர் குடும்பத்தையே இழுத்துக் கேவலமாகப் பேசினார். காரை எடுக்காமல் அதன் முன்னால் நின்றுகொண்டே கத்தினார். ஸ்கூல் வேனுக்காகப் படியருகே நின்ற பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டார்கள்.

ஆசிரியை எழுதிய முதல் கடிதம் இரண்டு பக்கம். அதில் முக்கால்வாசி, அந்த இடம் யாருக்கு ஒதுக்கப்பட்டது, பில்டர் என்ன சொல்லி விற்றார், மூன்றாம் மாடிக்காரர் போன வருடம் இரண்டாவது கார் வாங்கியதிலிருந்து என்னென்ன தொல்லை என்பதுதான். கடைசியில் ஒரே வரி: "மேலும் அவர் என்னைத் தகாத வார்த்தைகளால் திட்டினார். தக்க நடவடிக்கை எடுக்கவும்."

இதைப் படிக்கும் கமிட்டியின் கண்ணில் படுவது இடத் தகராறு மட்டுமே. இடம் யாருடையது என்பது லேசில் தீராது. விற்பனைப் பத்திரம், பில்டர் தனியாகக் கொடுத்த ஒதுக்கீட்டுத் தாள், தரையில் பெயின்ட்டில் எழுதிய எண் என்று ஒன்றோடொன்று பொருந்தாத பல ஆதாரங்கள் கிளம்பும். ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனி ஃப்ளாட் போலப் பில்டர் விற்க முடியாது, அது பொது இடத்தைச் சேர்ந்தது என்று மும்பைக் குடியிருப்பு ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. உச்ச நீதிமன்றம் வரை போன சங்கதியில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான ஒரு செக்ரட்டரி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவு சொல்ல முடியுமா? அதனால் கடிதம் மொத்தமாக ஒத்திவைக்கப்படும். வசவும் அதோடு சேர்ந்து போய்விடும்.

எனவே இரண்டையும் பிரிக்க வேண்டும். ஆசிரியையின் இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். தலைப்பு: "பொது இடத்தில் என்னையும் வாட்ச்மேனையும் இழிவாகப் பேசியது குறித்து." முதல் பத்தியிலேயே அவர் எழுதியது இது: "வண்டி நிறுத்துமிடம் பற்றி இக்கடிதத்தில் நான் எதுவும் கேட்கவில்லை. அதில் அவர் பக்கம் நியாயம் இருக்கலாம், என் பக்கமும் இருக்கலாம். இங்கே நான் முறையிடுவது அவர் பேசிய விதத்தைப் பற்றி மட்டுமே." இந்த மூன்று வரிகள் வந்ததும், "இரண்டு பேர் மேலும் தப்பு இருக்கிறது" என்று நழுவும் வழி அடைபட்டுவிடுகிறது. இடம் அவருடையதாகவே இருந்தாலும், அப்படிப் பேச அவருக்கு உரிமை இல்லையே.

அடுத்து, தேதி, காலை 7.20 மணி, எந்தத் தூணுக்கு அருகே, யார் யார் இருந்தார்கள் என்று எழுதினார். பேசிய வார்த்தைகளை அப்படியே எழுதுவதுதான் அவருக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. நம்மில் யாருக்கும் கை கூசும். ஆனால் "தகாத வார்த்தை" என்று மட்டும் எழுதினால், "கொஞ்சம் சத்தமாகப் பேசினேன், அவ்வளவுதான்" என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடலாம். போலீஸ், கோர்ட் என்று போனாலும் இதே கதைதான். பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினார் என்ற தமிழ்நாட்டு வழக்கு ஒன்றை உச்ச நீதிமன்றம் 2022இல் ரத்து செய்தபோது, என்ன வார்த்தைகள் பேசப்பட்டன என்பதே ஆவணங்களில் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. ஆசிரியை அந்த வார்த்தைகளைத் தனித்தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கடிதத்தோடு இணைத்தார். கமிட்டி உறுப்பினர்கள் மட்டும் பிரிக்கலாம் என்று மேலே குறிப்பும் எழுதினார். நோட்டீஸ் போர்டிலோ வாட்ஸ்அப் குழுவிலோ அது வராமல் இருக்க இது நல்ல ஏற்பாடு.

அவர் கேட்டது என்ன? முதல் வேலையாக, அன்றைய காலையின் சிசிடிவி பதிவை எடுத்துத் தனியே வைக்கச் சொன்னார். ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். ஒரு வாரத்திலும் அழியலாம், ஒரு மாதமும் தாங்கலாம். பல கேமராக்களில் குரல் பதிவாகாது என்றாலும், யார் எங்கே நின்றார், எவ்வளவு நேரம் காரை மறித்தார் என்பது படத்தில் தெரியும். பிறகு, கடிதத்தை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் வைத்து மினிட்ஸில் ஏற்ற வேண்டும், சம்பந்தப்பட்டவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்க வேண்டும் என்றார். வாட்ச்மேனைச் சாட்சியாக இழுக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகவே எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஏஜென்சி அனுப்பிய ஆள் ஒரு வீட்டுக்காரருக்கு எதிராக வாய் திறந்தால், அடுத்த மாதம் வேறு கேட்டில்தான் நிற்பார். கடிதத்தின் நகலில் செக்ரட்டரியின் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டார்.

அசோசியேஷனால் எல்லாம் செய்ய முடியாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கலாம். பொதுச் சுற்றறிக்கை விடலாம். பைலாவில் இடம் இருந்தால் அபராதம் போடலாம். தண்ணீரை நிறுத்துவது, லிஃப்ட்டைத் தடுப்பது போன்றவற்றில் இறங்கினால், அசோசியேஷன்தான் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டி வரும்.

மிரட்டல், மறிப்பு என்று போனால் போலீஸ் நிலையம்தான். சண்டை மூட்டும் நோக்கத்தோடு அவமதிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 352ஆம் பிரிவில் குற்றம். ஆனால் அதில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக விசாரணையில் இறங்க முடியாது. காரை நகரவிடாமல் வழிமறித்தால் 126ஆம் பிரிவு. பெண்ணை வசைபாடி அச்சமோ அவமானமோ ஏற்படுத்தினால், தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டுப் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டமும் இருக்கிறது. மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினரை மற்றவர் நாலு பேர் முன்னால் சாதி சொல்லித் திட்டினால் அது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும். அதற்குக் கமிட்டிக் கூட்டம் வரை காத்திருக்கவே கூடாது. திட்டு வாங்கியவர் வாட்ச்மேனாகவோ, வீட்டு வேலைக்கு வருபவராகவோ இருந்தாலும் அப்படியே.

ஆசிரியையின் கடிதம் கமிட்டியில் படிக்கப்பட்டது. மூன்றாம் மாடிக்காரர் விளக்கம் எழுதித் தந்தார். அதில் முழுக்க இடத்தைப் பற்றிய வாதம்தான். "அதைப் பற்றிப் புகாரே இல்லை" என்று செக்ரட்டரி திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறை நான்கு வரியில் வருத்தம் தெரிவித்து எழுதினார். வாட்ச்மேனிடம் நேரிலும் சொன்னார். பார்க்கிங்குக்காக ஆசிரியை வேறொரு கடிதம் கொடுத்தார். காலையில் முன்னால் நிற்கும் கார்களின் சாவி வாட்ச்மேன் அறைப் பெட்டியில் தொங்க வேண்டும் என்று பொதுக்குழுவில் முடிவானது. இடம் யாருடையது என்பது இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.