டிசம்பர் 18-க்குள் ஒரு கடிதம்

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் நின்று கொட்டிய மழையில் விமான நிலையத்தின் ஓடுபாதையே மூழ்கி, விமானங்கள் நின்றன. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்குப் பொது விடுமுறை. மறுநாள் பிற்பகல் புயல் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறிப் போய்விட்டது. தண்ணீர் போகவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் பல நாள் தேங்கிக் கிடந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட மாதிரிதான் இது. ஆனாலும் இதில் வருகிற ஒவ்வொன்றும் சைட்டில் வழக்கமாக நடப்பதுதான். அடித்தளத்தோடு கூடிய நான்கு மாடி அலுவலகக் கட்டடம். பன்னிரண்டு அடிப் பள்ளம் தோண்டி, அடியில் ராஃப்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் வேலை பாக்கி. 6ஆம் தேதி ரெடிமிக்ஸ் கான்கிரீட் வருவதாக ஏற்பாடு. 4ஆம் தேதி காலையில் பள்ளம் குளமாகிவிட்டது. கட்டிய கம்பி அத்தனையும் தண்ணீருக்கடியில்.

வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய நாள் 2024 மே 31. அதைத் தாண்டினால் வாரத்துக்கு 3 லட்சம் ரூபாய் தாமத இழப்பீடு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. இப்போது காண்ட்ராக்டர் உரிமையாளருக்கு எழுத வேண்டிய கடிதத்துக்குத்தான் ‘ஃபோர்ஸ் மஜூர்’ அறிவிப்பு என்று பெயர். மேலான சக்தி என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல் அது. புயல், வெள்ளம், போர், கொள்ளைநோய் என்று இரு தரப்பின் கையிலும் இல்லாத ஒன்று வேலையைத் தடுத்துவிட்டது என்று சொல்வது.

ஊரே மூழ்கியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்களே, இதற்கு எதற்குக் கடிதம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் அடி விழுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஃபோர்ஸ் மஜூர் என்ற சொல்லே கிடையாது. அதன் 56ஆம் பிரிவு, ஒரு வேலையைச் செய்யவே முடியாது என்றாகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாமல் போகும் என்கிறது. நம் காண்ட்ராக்டருக்கு ஒப்பந்தம் செல்லாமல் போக வேண்டாம். பத்துப் பதினைந்து நாள் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். அந்த நாள்களைத் தருவது சட்டத்தின் பொதுவிதி அல்ல, அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிற ஷரத்து. அந்த ஷரத்து என்ன கேட்கிறதோ அதைச் செய்தவருக்குத்தான் நாள் கிடைக்கும். பெரும்பாலும் அது முதலில் கேட்பது, குறித்த நாளுக்குள் எழுத்தில் ஓர் அறிவிப்பு.

மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது நிபந்தனைகளில் தடை ஏற்பட்ட 14 நாளுக்குள் நீட்டிப்புக் கேட்டு எழுத வேண்டும் என்று இருக்கிறது. பன்னாட்டு வேலைகளில் புழங்கும் ஃபிடிக் ஒப்பந்தப் படிவத்திலும் ஃபோர்ஸ் மஜூர் அறிவிப்புக்கு அதே 14 நாள்தான். கொரோனா நேரத்தில், 2020 பிப்ரவரி 19 அன்று மத்திய நிதி அமைச்சகம் நோயை இயற்கைப் பேரிடராகக் கொள்ளலாம் என்று சுற்றறிக்கை விட்டது. அதிலும்கூட, நிகழ்வு ஏற்பட்ட உடனே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு வந்து கேட்க முடியாது என்ற கொள்முதல் விதியை எடுத்துக் காட்டியிருந்தார்கள்.

நம் மாதிரி வேலைக்கும் 14 நாள்தான். 4ஆம் தேதியிலிருந்து எண்ணினால் 18ஆம் தேதி கெடு. தெருவில் தண்ணீர் நின்றவரை பம்ப் வைத்தும் பயனில்லை. இறைத்த தண்ணீர் திரும்பப் பள்ளத்துக்கே வரும். 9ஆம் தேதி தெரு வடிந்தது. 10ஆம் தேதி பம்ப் போட்டு, 13ஆம் தேதி பள்ளம் காலியானது. பிறகு ஐந்து நாள், கம்பிக்கு நடுவே படிந்த சேற்றைக் கையால் அள்ளி, துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, நகர்ந்துபோன கவர் பிளாக்குகளை மாற்றி வைத்து, உரிமையாளரின் இன்ஜினியரிடம் காட்டி முடிக்க 18ஆம் தேதி ஆகிவிட்டது. மொத்தம் எத்தனை நாள் போச்சு என்று தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்திருந்தால், தெரிகிற அன்றைக்கே கெடுவும் முடிந்திருக்கும். நல்ல காண்ட்ராக்டர்கள் பலர் விழுகிற இடம் இது. முதல் கடிதத்துக்கும் நாள் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

கரண்டும் போனும் திரும்பிய 7ஆம் தேதி மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் போக வேண்டிய கடிதம் இது. நடைமுறையில் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“ஒப்பந்தத்தின் ஃபோர்ஸ் மஜூர் ஷரத்தின் கீழ் இந்த அறிவிப்பைத் தருகிறோம். 3ஆம் தேதி இரவு முதல் பெய்த மழையால் 4ஆம் தேதி காலை அடித்தளப் பள்ளத்தில் ஏழு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. ராஃப்ட் கம்பி வேலை அன்று முதல் நின்றிருக்கிறது. 6ஆம் தேதிக்கான கான்கிரீட்டை ரத்து செய்திருக்கிறோம். தெருவில் தண்ணீர் வடிந்ததும் இறைக்க இரண்டு டீசல் பம்ப் தயாராக இருக்கிறது. தடை தொடர்வதால் நாள் கணக்கை இப்போது சொல்ல இயலவில்லை. தடை நீங்கியதும் சான்றுகளோடு நீட்டிப்புக் கோரிக்கையை அனுப்புவோம். பள்ளத்தை உங்கள் இன்ஜினியர் நேரில் பார்வையிட வேண்டுகிறோம்.”

எந்த ஷரத்து, எந்த நாள், எந்த வேலை என்ற மூன்றும் இருந்தால் போதும். வருத்தமும் மன்றாடலும் வேண்டாம்.

இனி சான்று. உரிமையாளர் தரப்பு கேட்கிற முதல் கேள்வி, ‘சென்னையில் டிசம்பரில் மழை பெய்யும் என்று தெரியாதா?’ என்பதுதான். நியாயமான கேள்வி. வடகிழக்குப் பருவமழையைக் கணக்கில் வைக்காமல் போட்ட அட்டவணை யாருடைய குற்றம்? ஆகவே மழை பெய்தது என்று காட்டினால் போதாது, வழக்கத்துக்கு மீறிப் பெய்தது என்று காட்ட வேண்டும். நுங்கம்பாக்கத்தில் இருக்கிற மண்டல வானிலை ஆய்வு மையத்தில் கேட்டு, அருகிலுள்ள நிலையத்தின் தினசரி மழையளவையும், அதே நாள்களுக்கு முந்தைய ஆண்டுகளின் அளவையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். செய்தித்தாள் துணுக்கு ஊரைக் காட்டும்; இந்தப் பள்ளத்தைக் காட்டாது.

பள்ளத்தைக் காட்டுவது படம். அளவுக்கோலை நட்டு, அதில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று தெரிகிற மாதிரி, தினமும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படம். இதை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், எடுத்த நாள், நேரம், இடம் முதலிய உள்விவரங்கள் உதிர்ந்துபோகும். அசல் கோப்பை எடுத்த போனிலிருந்தே நகலெடுத்து வைக்க வேண்டும். இவற்றோடு ரெடிமிக்ஸ் ரத்தான மின்னஞ்சல், பம்ப் ஓடிய நாள்களின் டீசல் பில், ஆள் வருகைப் பதிவேடு.

இதிலெல்லாம் வலுவான படம் புயலுக்கு முன்னால் எடுத்ததுதான் என்பேன். வானிலை மையம் பல நாள் முன்பே எச்சரித்த புயல் இது. எச்சரிக்கை வந்த பிறகு நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். பள்ளத்தைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கியதும், பம்பை மேட்டில் ஏற்றியதும், சிமெண்ட் மூட்டைகளை மாடிக்கு மாற்றியதும் 2ஆம் தேதி எடுத்த படத்தில் இருந்தால், அதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

22ஆம் தேதி விரிவான கோரிக்கை. வேலை நின்றது 4 முதல் 18 வரை, பதினைந்து நாள். மிச்சக் கம்பி வேலை 19, 20இல் முடிந்து, 21இல் கான்கிரீட் போட்டாயிற்று. 6ஆம் தேதி நடக்க வேண்டியது 21க்குத் தள்ளிப்போனதும் அதே பதினைந்து நாள்தான். ஊருக்குப் போன தொழிலாளர்கள் 14ஆம் தேதிதான் திரும்பினார்கள். ஆனால் பள்ளத்தில் தண்ணீர் நின்ற அதே நாள்கள்தான் அவை, இரண்டு முறை எண்ண முடியாது. பக்கத்துக் காவலர் அறையின் பூச்சு வேலையும் நான்கு நாள் நின்றது. அது தள்ளிப்போனதால் மே 31 தள்ளிப்போகாது. அதனால் கணக்கில் சேராது.

‘முப்பது கேட்டால்தான் பதினைந்து கொடுப்பார்கள்’ என்று சொல்லும் ஆட்கள் எல்லாச் சைட்டிலும் உண்டு. ஒரு நாளைப் பொய்யாகச் சேர்த்து அது பிடிபட்டால், உண்மையான பதினான்கும் சந்தேகத்துக்குள்ளாகும். மழையையே சாக்காக வைத்து எல்லாவற்றையும் ஏற்றிவிடவும் முடியாது. எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம், இந்தோனேசிய நிலக்கரி விலை ஏறியதால் மின் நிறுவனங்களுக்குச் செலவு கூடியதை ஃபோர்ஸ் மஜூர் என்று ஏற்கவில்லை. வேலை கடினமாவதும் செலவு கூடுவதும் வேறு, வேலை தடைபடுவது வேறு.

நம் காண்ட்ராக்டருக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. முதல் அட்டவணைப்படி கான்கிரீட் போட வேண்டியது டிசம்பர் 2. அவர் வாங்கிய கம்பி நான்கு நாள் தாமதமாக வந்ததால்தான் அது 6ஆனது. கடிதத்தில் இதை மறைத்தால் உரிமையாளரின் இன்ஜினியர் தினசரி அறிக்கையைப் புரட்டி அரை மணி நேரத்தில் கண்டுபிடிப்பார். அதனால் அவரே எழுதிவிடுகிறார்: அந்த நான்கு நாளுக்கு நீட்டிப்புக் கேட்கவில்லை, பின்வரும் வேலைகளில் ஈடுகட்டுகிறோம்.

இன்ஜினியர் அங்கேயும் விடவில்லை. ‘2ஆம் தேதியே ராஃப்ட் போட்டிருந்தால் கம்பிக்கு நடுவே சேறு அள்ளும் வேலையே இருந்திருக்காதே?’ சரியான கேள்வி. ராஃப்ட் போட்டிருந்தாலும் பள்ளம் நிரம்பியிருக்கும், 13 வரை தண்ணீர் நின்றிருக்கும். ஆனால் கான்கிரீட் தளத்தின்மேல் படிந்த சேற்றை இரண்டு நாளில் வழித்திருக்கலாம். ஐந்து நாள் ஆகியிருக்காது. அந்த மூன்று நாள் வெள்ளத்தால் வந்ததா, தாமதமாக வந்த கம்பியால் வந்ததா? கம்பியால்தான் என்பது என் கருத்தும். இன்ஜினியர் பன்னிரண்டு நாள் தருகிறார், காண்ட்ராக்டர் ஏற்றுக்கொள்கிறார்.

புதிய முடிவு நாள் ஜூன் 12. அந்தப் பன்னிரண்டு நாளுக்குத் தாமத இழப்பீடு கிடையாது. டீசல் செலவும் சும்மா இருந்த ஆட்களின் கூலியும் காண்ட்ராக்டர் தலையில்தான். இப்படிப்பட்ட ஷரத்துகளில் பெரும்பாலானவை நாளைத் தரும், பணத்தைத் தராது. இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மே 31 வரை கணக்கிட்டு வாங்கிய வங்கி உத்தரவாதத்தையும் கட்டுமானக் காப்பீட்டையும் புதிய தேதிக்கு ஏற்ப நீட்டிக்க வேண்டும். நீட்டிப்புக் கடிதத்தின் நகலோடு அவர் வங்கிக்குப் போகிறார்.