குடையில் கூட்டி வந்த கவினுக்கு

மூன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளை, கூடப் படிப்பவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுத உட்கார்ந்தால், பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் உடனே "எல்லா வளமும் பெற்று நீடூழி வாழ்க" என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். 'நீடூழி' என்றால் என்னவென்று எழுதுகிற பிள்ளைக்கும் தெரியாது, வாங்கிப் படிக்கிற பிள்ளைக்கும் தெரியாது.

பென்சிலைக் கொடுப்பதற்கு முன் பிள்ளையைப் பேசவிட வேண்டும். கேள்வியும் சரியாக இருக்க வேண்டும். என் மகளிடம் முதலில், "கவினை உனக்கு ஏன் பிடிக்கும்?" என்று கேட்டேன் (பெயர்களை மாற்றியிருக்கிறேன்). "நல்லவன்மா" என்றாள். அதை வைத்து ஒரு வரியும் எழுத முடியாது. "போன வாரம் ரெண்டு பேரும் என்ன பண்ணீங்க?" என்று மாற்றிக் கேட்டேன். "மழை பெஞ்சப்ப அவன் குடையில என்னையும் கூட்டிட்டு வந்தாம்மா. பை மட்டும் நனைஞ்சுது" என்றாள். வாழ்த்துக்கு வேண்டிய வரி கிடைத்துவிட்டது.

இனி அதை எழுத்துக்குக் கொண்டுவர வேண்டும். என்னிடம் சொன்னபோது 'வந்தான்' என்றவள், கவினுக்கே எழுதும்போது 'வந்தாய்' என்று மாற்ற வேண்டும். சிறு பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. கவின் எதிரே நிற்பதாக நினைத்துச் சொல்லச் சொன்னால் தானாகவே 'நீ' வந்துவிடும். 'பெஞ்சப்ப' என்பது 'பெய்தபோது' ஆகும். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். 'கூட்டி வந்தாய்' என்பதை 'அழைத்து வந்தமைக்கு நன்றி' என்று நாம் திருத்தினால், அது பள்ளி ஆண்டுவிழா நன்றியுரைபோல் ஆகிவிடும்.

கடைசியில் அவள் எழுதியது இது:

அன்புள்ள கவின்,
இன்று உனக்குப் பிறந்தநாள். வாழ்த்துகள்!
மழை பெய்தபோது உன் குடையில் என்னையும் கூட்டி வந்தாய். என் பை மட்டும் நனைந்தது. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.
நாளைக்கும் சேர்ந்து விளையாடலாம்.
உன் தோழி,
நிலா

'பிறந்தநாள்' என்பதில் வல்லின 'ற' வர வேண்டும். பிள்ளைகள் 'பிரந்தநாள்' என்று எழுதுவது சகஜம். 'வாழ்த்து' என்பதில் 'ழ' இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். நண்பனின் பெயரில் மட்டும் பிழையே கூடாது. அவன் முதலில் தேடுவது அதைத்தான். நோட்டுத் தாளில் பாதி போதும். முதலில் பென்சிலால் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு ஸ்கெட்ச் பேனாவால் எழுதலாம்.

ஒட்டுவதற்கு முன் பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் நாக்குத் தடுக்குகிறதோ, அது பெரும்பாலும் நாம் கொடுத்த சொல்லாக இருக்கும். நிலா 'மிகவும்' என்ற இடத்தில் நின்றாள். அது நான் சொன்னதுதான். அதை அடித்துவிட்டு 'ரொம்ப' என்று அவளே எழுதினாள். பக்கத்தில் ஒரு குடையும் வரைந்தாள்.