இதயத்தை ஒரே பக்கத்தில் படிக்க

பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்ஸில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பது வழக்கம்: “உடலின் மேற்பகுதியிலிருந்து மேற்பெருஞ்சிரையும் கீழ்ப்பகுதியிலிருந்து கீழ்ப்பெருஞ்சிரையும் கொண்டுவரும் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் வலது ஆரிக்கிளை அடைந்து, மூவிதழ் வால்வு வழியாக வலது வெண்ட்ரிக்கிளுக்குச் சென்று, அங்கிருந்து நுரையீரல் தமனி வழியாக நுரையீரல்களுக்குச் செலுத்தப்படுகிறது.”

இதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் டிஸ்லெக்சியா உள்ள மாணவர் இதைப் படிக்கும்போது ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகக் கூட்ட வேண்டியிருக்கிறது. ‘வெண்ட்ரிக்கிளுக்குச்’ என்ற சொல்லைக் கடப்பதற்குள், ரத்தம் எங்கிருந்து கிளம்பியது என்பது மறந்துவிடுகிறது. வரி முடிந்து கண் இடப்பக்கம் திரும்பும்போது, படித்த வரிக்கே போய்விடுகிறது, அல்லது ஒரு வரியைத் தாண்டிவிடுகிறது. பிள்ளைக்கு இதயம் எப்படி இயங்குகிறது என்று வாயால் சொன்னால் புரிகிறது. தடை பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தேர்வுக்கு முன் வீட்டிலேயே மாற்றி எழுதிவிடலாம்.

முதலில் கவனிக்க வேண்டியது இடைவெளி. எழுத்துகள் நெருங்கி நின்றால், பக்கத்து எழுத்து நடு எழுத்தை மறைப்பதுபோல் மூளைக்குத் தோன்றும். எல்லோருக்கும் ஓரளவு உண்டாகும் இந்த நெரிசல், டிஸ்லெக்சியா உள்ள பலருக்கு அதிகம். 2012இல் இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகள் 74 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், 14 புள்ளி அளவு எழுத்தில் எழுத்துகளுக்கு இடையே கூடுதலாக 2.5 புள்ளி இடம் விட்டார்கள். எந்தப் பயிற்சியும் தராமலே வாசிப்பு வேகம் சராசரியாக 20 சதவீதம் கூடியது. பிழைகள் பாதியாகக் குறைந்தன.

இதைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்துவிட முடியாது. அந்த ஆய்வு ரோமன் எழுத்தில் நடந்தது. நம் ‘கொ’வில் கொம்பு முன்னால், கால் பின்னால். கணினியில் எழுத்து இடைவெளியைக் கூட்டினால் சில மென்பொருள்களிலும் பழைய எழுத்துருக்களிலும் கொம்பும் காலும் ‘க’வை விட்டு விலகி நின்றுவிடும். பிள்ளைக்கு அது கூடுதல் குழப்பம். வேர்டில் Font பெட்டியின் Advanced பக்கத்தில் Spacing என்பதை Expanded ஆக்கிப் பாருங்கள். ‘கொடு’, ‘பேசு’, ‘கௌரவம்’ ஆகிய மூன்று சொற்களும் உடையாமல் நின்றால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உடைந்தால் எழுத்து இடைவெளியை விட்டுவிட்டு, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இரண்டு வெற்றிடம் போடுங்கள். வரி இடைவெளியை 1.5 lines என்று வையுங்கள். எழுத்தளவு 14 போதும். கையால் எழுதுகிறவர்கள் ஒரு கோடு விட்டு ஒரு கோட்டில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினால் போதும். பின்பக்க மை தெரிந்தால் அதுவும் நெரிசல்தான்.

வரிகளை இடப்பக்கம் மட்டும் ஒட்டி நிறுத்துங்கள், வலப்பக்கம் ஏறி இறங்கட்டும். இருபக்கமும் சமமாக்கினால் நீளமான தமிழ்ச் சொற்களுக்கு இடையே பெரிய வெள்ளை ஓட்டைகள் விழும். அவை வரிக்கு வரி அடுக்கி நின்று, கண்ணைக் கீழே இழுத்துவிடும்.

அடுத்து வரியின் நீளம். பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் ஒரு வரிக்கு 60 முதல் 70 எழுத்து வரை என்கிறது. திருப்புதல் நோட்ஸுக்கு அதையும் குறைத்து, பொருள் முடியும் இடத்தில் வரியை உடைப்பதே என் பரிந்துரை. மேலே உள்ள வாக்கியம் இப்படி மாறும்:

நுரையீரலுக்கு ரத்தம் எப்படிப் போகிறது?

மேற்பெருஞ்சிரையும் கீழ்ப்பெருஞ்சிரையும்
ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தைக் கொண்டுவருகின்றன.

அந்த ரத்தம் வலது ஆரிக்கிளுக்குள் நுழைகிறது.

மூவிதழ் வால்வு திறக்கிறது.
ரத்தம் வலது வெண்ட்ரிக்கிளுக்கு இறங்குகிறது.

வலது வெண்ட்ரிக்கிள் சுருங்குகிறது.
ரத்தம் நுரையீரல் தமனி வழியே
நுரையீரல்களுக்குப் போகிறது.

ஒவ்வொரு படிக்கும் ஒரு வினைச்சொல் இருக்கிறது. பலரும் சுருக்குகிறேன் என்று வினையை வெட்டி “வலது ஆரிக்கிள் – வால்வு – வெண்ட்ரிக்கிள்” என்று எழுதித் தருவார்கள். பிள்ளை அதை ஒப்பிக்கும். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதச் சொன்னால் நின்றுவிடும். வரி குறுகலாம், வாக்கியம் முழுதாக இருக்க வேண்டும்.

தலைப்பைக் கேள்வியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. தேர்வில் வரப்போவது கேள்வி. நோட்ஸைப் புரட்டும்போது அந்தக் கேள்வி கண்ணில் படவேண்டும். தலைப்பு மற்ற எழுத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக, தடித்த எழுத்தில், எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் வரட்டும். அடிக்கோடு வேண்டாம். ‘பு’, ‘சூ’, ‘ழ’ போன்றவற்றின் கீழ்ப்பகுதியில் கோடு இடித்து உருவத்தையே மாற்றிவிடும். சாய்வெழுத்தும் வேண்டாம்.

நிறத்தில்தான் வீடுகள் அதிகம் தடுமாறுகின்றன. பக்கம் முழுக்க நான்கு ஹைலைட்டரால் பூசிவிட்டால் எதுவும் எடுப்பாகத் தெரியாது. இதயப் பாடத்துக்கு இரண்டு நிறம் போதும்: ஆக்சிஜன் குறைந்த ரத்தத்துக்கு நீலம், நிறைந்ததற்குச் சிவப்பு. நுரையீரல் தமனி நீலத்திலும் நுரையீரல் சிரை சிவப்பிலும் வரும். தமனி என்றாலே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் என்று நினைக்கிற பிள்ளை அந்த விதிவிலக்கை இங்கே கண்ணாலேயே பிடித்துவிடும். ஆனால் நிறத்தைப் படத்திலும் ஓரத்துக் கோட்டிலும் வையுங்கள், எழுத்து கறுப்பிலேயே இருக்கட்டும். சிவப்பு எழுத்து பலருக்குப் படிக்கச் சிரமம். நிறக்குருடு உள்ள பிள்ளைக்காக ‘ஆ. குறைவு’, ‘ஆ. நிறைவு’ என்று பக்கத்தில் எழுதியும் வையுங்கள். தாள் பளபளக்காமல் வெளிர் மஞ்சளாக இருந்தால் பலருக்குக் கண் கூசுவதில்லை.

வண்ணக் கண்ணாடித் தாளை வரிமேல் வைத்துப் படித்தால் டிஸ்லெக்சியா குறையும் என்று சொல்லி விற்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, வண்ண லென்சுக்கும் தாளுக்கும் போதுமான சான்று இல்லை என்றது. டிஸ்லெக்சியாவுக்கென்றே வடிவமைத்த டிஸ்லெக்ஸி என்ற எழுத்துருவையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் பயன் எழுத்தின் வடிவத்தால் வரவில்லை. அதற்குள் இருந்த கூடுதல் இடைவெளியால் வந்தது என்றது 2016இல் வெளியான ஆய்வு. ஏரியல் எழுத்துக்கும் அதே இடைவெளி கொடுத்தபோது வேறுபாடு மறைந்துவிட்டது. பணம் கொடுத்து வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மாற்றிய பக்கம் உதவுகிறதா என்று எப்படித் தெரியும்? அதே பத்தியைப் பழைய வடிவிலும் புதிய வடிவிலும் படிக்கச் சொல்லாதீர்கள். இரண்டாம் முறை எல்லோருக்கும் வேகம் கூடும். அதே பாடத்தில் சம அளவுள்ள இரண்டு பகுதிகளை எடுத்து, ஒன்றைப் பழைய முறையிலும் மற்றதைப் புதிய முறையிலும் எழுதுங்கள். வாய்விட்டுப் படிக்கும்போது நேரத்தையும், தாண்டிய வரிகளையும், தடுமாறிய சொற்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தாளை மூடிவிட்டு ரத்தம் போகும் வழியைச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த நாள் வேறு இரண்டு பகுதிகளில் இதையே செய்யுங்கள். வரி தாண்டுவது குறைந்து, சொற்களில் தடுமாற்றம் அப்படியே இருந்தால், பக்கத்தின் வேலை முடிந்துவிட்டது என்று பொருள். எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் பயிற்சிக்குச் சிறப்பாசிரியரிடம் போக வேண்டும். அதை எந்தப் பக்க அமைப்பும் செய்யாது.