மீட்டர் எண்ணாத கிலோமீட்டர்

சென்னையில் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை, "ரிட்டர்ன் காலியா வரணும் சார்." பேரம் பேசுவதற்கான சாக்கு என்றே பலரும் அதை நினைக்கிறார்கள். ஆனால் ஆட்டோவின் கணக்கு முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்குள்தான் இருக்கிறது. மீட்டர் ஓடுவது ஆள் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். பெட்ரோலும் டயரும் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

தமிழ்நாட்டில் அரசு 2013 ஆகஸ்டில் ஆட்டோ கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அன்றைக்குச் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 74 ரூபாய் அளவில் இருந்தது. 2025இல் அது 101 ரூபாயைத் தொட்டது. இந்த 12 ரூபாயில் சொந்த வண்டி ஓட்டுகிறவருக்கு என்ன மிஞ்சும்?

பெட்ரோலில் ஓடும் ஒரு ஆட்டோவை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 100 கிலோமீட்டர், வருடத்தில் 300 நாள், ஆக வருடத்துக்கு 30,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை, பழுதுச் செலவு போன்ற தொகைகள் வண்டிக்கு வண்டி மாறும். இங்கே வருபவை ஒரு நடுத்தர நிலைமைக்கான மதிப்பீடுகள்.

பெரிய செலவு பெட்ரோல்தான். சிக்னலில் நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில் லிட்டருக்கு 28 கிலோமீட்டர் கிடைத்தால், ஒரு கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 60 காசு. இந்த 28 என்ற எண்ணை ஓட்டுநர் கண்ணில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். டேங்க்கை வழியவழிய நிரப்பி, மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதேபோல நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று வகுத்துப் பார்த்தால் போதும். கிளட்ச் வழுக்கினாலோ, பிரேக் ஒட்டிப் பிடித்துக்கொண்டே ஓடினாலோ, ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ முதலில் காட்டிக்கொடுப்பது இந்தக் கணக்குதான். மைலேஜ் 28இலிருந்து 24க்கு இறங்கினால் கிலோமீட்டருக்கு 60 காசு கூடுதலாகப் போகும். ஒரு நாளைக்கு 60 ரூபாய் என்பதால் யாருக்கும் உறைப்பதில்லை. வருடத்துக்கு அது 18,000 ரூபாய். கிளட்ச் பிளேட் மாற்ற மெக்கானிக்குக் கொடுக்கும் காசைத் தள்ளிப்போடுகிறவர், அதைவிடப் பெரிய தொகையைப் பங்கில் கொடுத்துவிட்டு வருகிறார்.

அடுத்தது பழுது. ஆயில் மாற்றுவது, பிரேக் லைனர், கேபிள்கள், பேட்டரி ஆகியவற்றுக்கு வருடம் 18,000 ரூபாய். மூன்று டயருக்கு 6,000. சில வருடங்களுக்கு ஒருமுறை இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க நேரும். அதற்காக வருடம் 6,000 ஒதுக்கலாம். மொத்தம் 30,000 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். ஆனால் இந்த ஒரு ரூபாய் தினமும் கையைவிட்டுப் போவதில்லை. பல மாதம் சும்மா இருந்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டிய வாரத்தில் மொத்தமாக வந்து நிற்கும்.

இன்சூரன்ஸ் பலர் நினைப்பதைவிடக் கனம். மூன்று பயணிகள் ஏறும் ஆட்டோவுக்கு, மூன்றாம் நபர் காப்பீட்டின் அடிப்படைத் தொகையாக 2,539 ரூபாயும் பயணி ஒருவருக்கு 1,214 ரூபாயும் 2022இல் மத்திய அரசு நிர்ணயித்தது. ஜி.எஸ்.டி.யோடு சேர்த்தால் 7,300 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது. கடனில் எடுத்த வண்டிக்கு முழுக் காப்பீடு கேட்பார்கள் என்பதால் 10,500 என்று வைத்தால், கிலோமீட்டருக்கு 35 காசு.

பர்மிட்டை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று புது வண்டிக்கு 2 வருடம் செல்லும். பிறகு 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம். மீட்டருக்கு முத்திரை தனி. இவற்றில் அரசுக்குக் கட்டும் கட்டணத்தைவிட வண்டியைத் தயார்செய்யும் செலவுதான் அதிகம். எஃப்.சி.க்கு முன் டிங்கரிங், பெயின்ட், சீட் கவர் என்று எல்லாம் பார்த்தாக வேண்டும். அந்த நாட்களில் சவாரியும் கிடையாது. எல்லாம் சேர்த்து வருடம் 6,000 என்றால் 20 காசு.

கடைசியாக வண்டியின் விலை. 2,80,000 ரூபாய்க்கு எடுத்த வண்டியை 8 வருடம் கழித்து 60,000க்கு விற்றால், 2,20,000 ரூபாயைச் சாலை தின்றுவிட்டது. 2,20,000 ரூபாயை 18 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி 4 வருடத்தில் அடைத்தால் வட்டி மட்டும் சுமார் 90,000. இரண்டையும் 2,40,000 கிலோமீட்டருக்குப் பிரித்தால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 30 காசு.

ஆக மொத்தம் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 45 காசு. 12 ரூபாய் மீட்டரில் பாதிக்குப் பாதி லாபம் போலத் தெரியும். காலி ஓட்டத்தைச் சேர்த்தால்தான் உண்மை தெரியும். 100 கிலோமீட்டரில் 65 சவாரியோடு, 35 காலியாக என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சவாரியும் 5 கிலோமீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 13 சவாரி. அரசுக் கட்டணப்படி ஒரு சவாரிக்கு 63 ரூபாய் 40 காசு, மொத்தம் 824 ரூபாய். செலவு 645 போக, காத்திருப்புக் கட்டணம் ஏதும் வராவிட்டால், பகல் முழுக்க வெயிலில் ஓட்டியவருக்கு மிஞ்சுவது 179 ரூபாய். இந்தக் கட்டணத்தை வைத்துக்கொண்டு "மீட்டர் போடு" என்று அவரிடம் சண்டை பிடிப்பது நியாயமாகாது. கேட்க வேண்டியது கட்டணம் நிர்ணயிப்பவர்களிடம்.

காலி ஓட்டம் 35இலிருந்து 25 ஆகக் குறைந்தால் அதே செலவில் 15 சவாரி. மிச்சம் 306 ரூபாய். ஊர் ஓரத்துக்குப் போக மறுக்கும் ஓட்டுநரின் மனதில் ஓடுவது இந்த வித்தியாசம்தான்.

2025 பிப்ரவரியிலிருந்து வசூலிப்பதாகச் சில சங்கங்கள் தாங்களாகவே ஒரு கட்டணத்தை அறிவித்தன: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய். அரசு அதை ஏற்கவில்லை. அந்தக் கட்டணத்தில் அதே 13 சவாரிக்கு வசூல் 1,399 ரூபாய் வரும். செலவு போக 754 ரூபாய், அதாவது ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஓட்டுநரின் கூலி ஏழரை ரூபாய்.

இதே வண்டியை நாளுக்கு 350 ரூபாய் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர், பெட்ரோல் போட்டு, வாடகையும் கட்டிவிட்டு 689 ரூபாய் வீட்டுக்குக் கொண்டுபோவார். சொந்த வண்டிக்காரருக்கு அவரைவிட 65 ரூபாய்தான் அதிகம். எஃப்.சி.க்கு அலைவது, இன்ஜின் வேலை, விபத்து பயம் எல்லாம் அந்த 65 ரூபாய்க்காக.

மாதம் 6,460 ரூபாய் டியூ கட்டி முடிந்த ஐந்தாம் வருடத்தில் கை திடீரென்று தாராளமாகிவிடும். வருமானம் கூடிவிட்டது போலத் தோன்றும் அந்த வருடங்களில்தான் பல வண்டிகளின் பழுதுச் செலவும் ஏறத் தொடங்குகிறது. அடுத்த வண்டிக்கான முன்பணத்தை அப்போதே எடுத்து வைக்காதவர், எட்டாம் வருடம் பழைய வண்டியை 60,000க்குக் கொடுத்துவிட்டு, மறுபடி முதல் தவணையிலிருந்து தொடங்குகிறார்.